மூன்று பில்லும் ஒரு கடிதமும்

ஒரே வெண்டர், ஒரே தேதி, மூன்று பில். முதலாவது 4,85,000 ரூபாய், இரண்டாவது 4,92,000, மூன்றாவது 4,78,000. மூன்றும் மரப் பேலட் வாங்கியதற்கானவை. ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், வெண்டர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் மேசையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கண்ணில் இவை படுவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அங்கே பர்ச்சேஸ் மேனேஜர் தன் கையெழுத்திலேயே 5 லட்சம் ரூபாய் வரை ஆர்டர் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், தொழிற்சாலைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். மூன்று பில்லையும் கூட்டினால் 14,55,000 ரூபாய் ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூட 5 லட்சத்தைத் தொடவில்லை.

இதுவே அவருக்கு உறுத்தியது. பில்லின் தலைப்பில் அச்சாகியிருந்த முகவரியைப் பார்த்தபோது உறுத்தல் கூடியது. அந்தத் தெருவையும் கதவு எண்ணையும் எங்கோ பார்த்த நினைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பர்ச்சேஸ் மேனேஜர் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அலுவலகம் முழுக்கப் பத்திரிகை கொடுத்தார். அந்தப் பத்திரிகையில் இருந்ததும் இதே முகவரிதான்.

இந்த உதாரணம் கற்பனை. ஆனால் கொள்முதலில் நடக்கும் முறைகேடுகளில் மிகப் பழக்கமான இரண்டு அடையாளங்கள் இதில் இருக்கின்றன: ஒப்புதல் வரம்புக்குக் கீழே அடங்கும்படி ஆர்டரைத் துண்டாக்குவது, வெண்டருக்கும் வாங்குபவருக்கும் இடையே வெளியே சொல்லாத உறவு இருப்பது. இவற்றைக் காணும் ஊழியர் அடுத்த சில நாட்களில் என்ன செய்கிறார், என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் விஷயம் வெளிவருவதும் புதைந்துபோவதும் அமைகிறது.

முதலில் வரும் உந்துதல் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வது. அடுத்தது, இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது. இரண்டுமே கெடுதல். பக்கத்து மேசையில் சொன்ன செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு விசாரிக்க வருகிறவர்களுக்குச் சுத்தமாகத் துடைத்த கோப்புகளே கிடைக்கும். தோண்டுவதில் வேறு ஆபத்து இருக்கிறது. மேனேஜரின் வீட்டு முகவரியை உறுதிசெய்ய மனிதவளப் பிரிவின் கோப்பைத் திறப்பது, அவர் மெயிலைப் பார்க்க யாரிடமாவது பாஸ்வேர்டு கேட்பது, பில்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைப்பது எல்லாம் நல்லெண்ணத்தில் செய்தாலும் நிறுவன விதிமீறல்கள். கணினியின் பொறுப்பாளர் அனுமதியில்லாமல் அதிலிருந்து தகவலை நகலெடுப்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வருகிறது. புகாரின் கதை முடிந்து, புகார் கொடுத்தவர் ஆவணம் கடத்திய கதை தொடங்குவதற்கு இந்த ஒரு சறுக்கல் போதும்.

அவர் செய்யக்கூடியது இதுதான். தன் வேலையின் ஊடாகத் தானாகக் கண்ணில் பட்டதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பில் எண், பர்ச்சேஸ் ஆர்டர் எண், தேதி, தொகை, எந்தத் திரையில் எப்போது பார்த்தார் என்பவை அதில் இருந்தால் போதும். ஆவணத்தை எடுத்துப்போக வேண்டியதில்லை; அது எங்கே இருக்கிறது என்று சொன்னால் விசாரிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பொதுவில் யாரும் பார்க்கக்கூடியதைப் பார்ப்பதிலும் தவறில்லை. பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் இட்டால், அந்த வணிகத்தின் சட்டப்பூர்வமான பெயர், பதிவான தேதி, முதன்மை இடத்தின் முகவரி ஆகியவை வரும். அதைத் தன் வீட்டுக் கைப்பேசியில் பார்ப்பது நல்லது. அலுவலகக் கணினியில் யார் எப்போது எதைத் தேடினார்கள் என்பது பதிவாகும்.

அடுத்த கேள்வி, யாரிடம் சொல்வது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 177-ஆவது பிரிவின் 9-ஆம் உட்பிரிவில், பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களும் ஊழியர்களும் இயக்குநர்களும் தங்கள் உண்மையான கவலைகளைச் சொல்ல ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. பட்டியலிடப்படாதவற்றில், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் நிறுவனங்களுக்கும், வங்கிகள், பொது நிதி நிறுவனங்களிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நிறுவனத்தின் ஆவணங்களில் இதற்கு விஜில் மெக்கானிசம் என்றோ விசில் புளோயர் பாலிசி என்றோ பெயர் இருக்கும். இந்த ஏற்பாட்டின் விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் சட்டம். அதனால் யாரிடமும் கேட்காமல், சந்தேகம் எழுப்பாமல், வீட்டிலிருந்தே படித்துப் பார்த்துவிடலாம். படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்: புகார் யாருக்குப் போகிறது, அவர் மேல்தான் புகார் என்றால் யாருக்குப் போகிறது, பெயரில்லாத புகாரை ஏற்கிறார்களா.

கம்ப்ளையன்ஸ் அதிகாரி என்பவர் யார் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. செபியின் பட்டியலிடல் விதிகளின்படி பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கம்பெனி செக்ரட்டரியே கம்ப்ளையன்ஸ் அதிகாரி. ஆனால் அந்தப் பதவியின் முதன்மை வேலை பங்குச் சந்தைக்கும் பங்குதாரர்களுக்கும் நிறுவனம் செய்ய வேண்டியவற்றைச் சரியாகச் செய்யவைப்பது. பெரிய நிறுவனங்களில் ஒழுங்குமுறைப் புகார்களைக் கையாள வேறொருவர் இருப்பார்; எத்திக்ஸ் அதிகாரி என்றோ தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரி என்றோ அழைப்பார்கள். கொள்கையில் யார் பெயரும் முகவரியும் இருக்கிறதோ அவருக்கே எழுத வேண்டும். அந்த அதிகாரி குற்றம் சாட்டப்படுபவருக்குக் கீழே வேலை செய்கிறவர் என்றால், அல்லது அவருக்கே இதில் பங்கு இருக்கலாம் என்று தோன்றினால், தணிக்கைக் குழுவின் தலைவருக்கு நேரே எழுதலாம். தகுந்த சூழ்நிலையில் அவரை நேரடியாக அணுகும் வழி இருக்க வேண்டும் என்று 177-ஆவது பிரிவின் 10-ஆம் உட்பிரிவு சொல்கிறது. இந்த வழி இருப்பதே பல ஊழியர்களுக்குத் தெரியாது. வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார் மட்டும் இந்தப் பாதையில் வராது. அதற்கு 2013-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இனி கடிதம். மனக்கொதிப்போடு எழுதும்போது வருவது இப்படி இருக்கும்:

“நம் பர்ச்சேஸ் மேனேஜர் பல வருடங்களாகக் கம்பெனிப் பணத்தைக் கொள்ளையடித்து வருகிறார். தன் பினாமி பெயரில் கம்பெனி நடத்தி, பொய் பில் போட்டுப் பணம் எடுக்கிறார். இது எல்லாருக்கும் தெரியும். உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் நிர்வாகமும் உடந்தை என்றுதான் அர்த்தம்.”

இந்தக் கடிதத்தில் சரிபார்க்கக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. பல வருடங்கள் என்றால் எப்போதிலிருந்து? எந்த வெண்டர்? எல்லாருக்கும் தெரியும் என்றால் யாருக்கு? இதைக் கையில் வாங்கும் அதிகாரிக்கு இரண்டே வழிகள். மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்பது அல்லது கோப்பில் போட்டு வைப்பது. முதலாவது நடந்தால் விஷயம் அன்றே அம்பலமாகும். இரண்டாவது நடந்தால் மூன்று மாதம் கழித்து, போதிய விவரம் இல்லை என்று மூடப்படும். எழுதியவரின் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் விசாரிக்கிறவருக்குத் தேவைப்படுவது தொடங்குவதற்கு ஓர் இடம்.

அதே பெண் நிதானமாக எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

“நான் பார்த்தவை: மார்ச் 12 அன்று ஒரே வெண்டரிடமிருந்து மூன்று பில்கள் என் மேசைக்கு வந்தன. எண்களும் தொகைகளும் கீழே கொடுத்திருக்கிறேன். மூன்றுக்கும் உரிய பர்ச்சேஸ் ஆர்டர்கள் மார்ச் 5 அன்று காலை 11.42, 11.51, 12.03 ஆகிய நேரங்களில் பதிவாகியுள்ளன. மூன்றிலும் பொருள் ஒன்றே. மொத்தம் 14,55,000 ரூபாய். மூன்று கொட்டேஷன் வாங்கியதற்கான தாள்கள் நான் பார்த்த கோப்பில் இல்லை. வேறு கோப்பில் இருக்கலாம்.

வெண்டரின் பில்லில் உள்ள முகவரி, பர்ச்சேஸ் மேனேஜர் பிரிவில் உள்ள அனைவருக்கும் கொடுத்த கிரகப்பிரவேசப் பத்திரிகையில் உள்ள முகவரியோடு ஒத்திருக்கிறது. ஜிஎஸ்டி தளத்திலும் இதே முகவரி காட்டுகிறது.

எனக்குத் தோன்றுவது: ஒப்புதல் வரம்பைத் தவிர்க்க ஆர்டர் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்றும், வெண்டருக்கும் மேனேஜருக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் நினைக்கிறேன். இது என் ஊகம். வேறு விளக்கம் இருக்கவும் கூடும்.

எனக்குத் தெரியாதவை: பொருள் உண்மையில் வந்ததா, விலை சந்தை விலைதானா, மேனேஜர் இந்தத் தொடர்பை முன்பே நிர்வாகத்துக்குத் தெரிவித்திருக்கிறாரா என்பவை.

அவசரம்: இந்த மூன்று பில்களுக்கும் மார்ச் 28 அன்று பணம் போக வேண்டும். என்னிடம் வரும் வழக்கமான வேலையை நான் நிறுத்தவில்லை. இதுவரை வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.”

இந்தக் கடிதத்தில் கனமான பகுதி ‘எனக்குத் தெரியாதவை’ என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். தான் அறியாததை ஒருவர் தானாகவே எழுதிவைக்கும்போது, அறிந்ததாக அவர் சொல்வதற்கு மதிப்புக் கூடுகிறது. விசாரணைக்கும் அதுவே வழித்தடம் ஆகிறது. பொருள் வந்ததா என்றால் கிடங்கின் ரசீதையும் வாயிற்காவல் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தொடர்பு முன்பே தெரிவிக்கப்பட்டதா என்றால் ஆண்டுதோறும் ஊழியர்கள் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தைப் பார்க்க வேண்டும். பணம் போக வேண்டிய தேதியைச் சொன்னதிலும் விஷயம் உண்டு. அதிகாரி விரும்பினால் வேறு ஏதாவது காரணம் காட்டி அந்தத் தொகையைச் சில நாள் நிறுத்திவைக்கலாம். எழுதியவர் தானாக நிறுத்தினால் அவரே முதல் சந்தேகப் புள்ளி ஆகிவிடுவார்.

பெயர் போடுவதா வேண்டாமா என்பது எல்லாரையும் வாட்டும் கேள்வி. பெயர் மறைத்து எழுதுவதும், பெயரைச் சொல்லி அதை ரகசியமாக வைக்கச் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதில் அதிகாரிக்கே நீங்கள் யார் என்று தெரியாது. இரண்டாவதில் அவருக்கும் விசாரணையில் தவிர்க்க முடியாத ஓரிருவருக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. பெயரில்லாக் கடிதம் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் நம் உதாரணத்தைப் பாருங்கள். அந்த மூன்று பில்களையும் ஒருசேரப் பார்த்தவர்கள் அலுவலகத்தில் இரண்டு பேர்தான். கையெழுத்து இல்லாவிட்டாலும் அந்தத் தகவலே கைகாட்டிவிடும். கடிதத்தில் இருக்கும் உண்மைகளை எத்தனை பேர் அறிந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தாலே பெயர் மறைப்பு எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். கிரகப்பிரவேசப் பத்திரிகை பற்றிய செய்தியில் அந்தச் சிக்கல் இல்லை. அது எல்லார் கைக்கும் போனது.

பெயரில்லாமல்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தால், கோப்பில் ஒட்டிக்கொண்டு போகும் அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயரும் கணினியில் பதிந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தில் இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். இரண்டே பேர் பயன்படுத்தும் பிரின்டரில் அச்சடித்தால், எந்த நேரத்தில் யார் அச்சிட்டார் என்ற பதிவு இருக்கும். பெயரில்லாக் கடிதத்தின் பெரிய குறை வேறு. அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க ஆளில்லை. பல நிறுவனங்கள் வெளியார் நடத்தும் தொலைபேசி அல்லது இணையச் சேவையை வைத்திருப்பது இதற்காகத்தான். புகார் கொடுத்தவுடன் ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணைக் கொண்டு உள்ளே நுழைந்து, பெயர் சொல்லாமலே அதிகாரியின் கேள்விக்குப் பதில் எழுதலாம். பலர் புகாரைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. கேள்வி அங்கேயே கிடந்து, கோப்பு மூடப்படும்.

ரகசியம் மேலிருந்தே எப்படி உடைக்கப்படலாம் என்பதற்கு லண்டனில் இருந்து ஒரு கதை உண்டு. 2016-ஆம் ஆண்டு பார்க்லேஸ் வங்கிக்கு, அப்போது புதிதாக உயர்பதவியில் சேர்க்கப்பட்ட ஒருவரைக் குறித்துப் பெயரில்லாக் கடிதங்கள் வந்தன. அந்த நபர் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி ஜெஸ் ஸ்டேலி முன்பே அறிந்தவர். கடிதம் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க ஸ்டேலி வங்கியின் பாதுகாப்புப் பிரிவைக் கேட்டார். அப்படித் தேடுவது முறையல்ல என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பிறகு தடை நீங்கிவிட்டதாகத் தவறாக எண்ணி, மறுபடியும் தேடச் சொன்னார். பாதுகாப்புப் பிரிவு அமெரிக்கச் சட்ட அமலாக்க அமைப்பு ஒன்றின் உதவியைக்கூட நாடியது. கடைசிவரை ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தேடியதே குற்றமாயிற்று. 2018 மே மாதம் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து ஸ்டேலிக்கு 6,42,430 பவுண்டு அபராதம் விதித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் நிதிச் சேவைத் துறை வங்கிக்கு ஒன்றரைக் கோடி டாலர் அபராதம் போட்டது. புகாரில் சொன்னது உண்மையா பொய்யா என்பதை வைத்து இந்த அபராதங்கள் வரவில்லை. தன்னோடு தொடர்புடைய ஒரு புகாரில் தலைமை அதிகாரி தலையிட்டார், எழுதியவரைத் தேடினார் என்பதே குறையாகக் கணக்கில் எடுக்கப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், அதிகாரி குற்றம் சாட்டப்படுபவரின் கைக்குள் இல்லாத பட்சத்தில் பெயர் சொல்லி எழுதுவதே மேல் என்பேன். கூடவே, தகவலின் மூலம் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் கடிதத்திலேயே அதிகாரிக்குச் சொல்லிவிட வேண்டும். அனுபவமுள்ள அதிகாரி அந்த மூன்று பில்களை மட்டும் கேட்டு வாங்க மாட்டார். கடந்த ஒரு வருடத்தில் 4.5 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் இடைப்பட்ட எல்லா ஆர்டர்களையும், எல்லா வெண்டர்களுக்கும் சேர்த்து, வழக்கமான உள்தணிக்கை என்ற பெயரில் கணினியிலிருந்து எடுப்பார். மூன்று பில் முந்நூறு பில்லுக்குள் ஒளிந்துகொள்ளும். எந்தப் பில்லைத் தேடுகிறார்கள் என்பது பர்ச்சேஸ் பிரிவுக்குத் தெரியாது. கணக்குப் பிரிவிலிருந்து செய்தி போயிருக்கும் என்று ஊகிக்கவும் வழியில்லை.

பிறகு விசாரணை. புகார் கிடைத்ததாகச் சில நாட்களில் ஒரு வரி வரும். சில இடங்களில் நினைவூட்டினால்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, ஏழு நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும் என்கிறது. நம் கம்பெனிகள் சட்டம் அப்படி நாள் குறிக்கவில்லை. நிறுவனத்தின் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அதிகாரி முதலில் செய்வது மெயில்களும் கணினிப் பதிவுகளும் அழியாமல் பூட்டிவைக்கச் செய்வது. அடுத்தது ஆவணங்கள். ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்பது அதற்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசி. எழுதியவரையும் ஒருநாள் அழைப்பார். “இந்த முகவரி உங்களுக்கு எப்படித் தெரிந்ததும்மா?” என்று கேட்டால் அதில் சந்தேகம் தொனிப்பதாக வருந்த வேண்டியதில்லை. கேட்காமல் விட்டால்தான் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

நம் கற்பனை வழக்கு இப்படி முடிவதாக வைத்துக்கொள்வோம். மேனேஜர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை மைத்துனரின் பேலட் தொழிலுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த உறவை ஆண்டு உறுதிமொழிப் படிவத்தில் இரண்டு வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்; அவருடைய முந்தைய மேலதிகாரி அதில் கையெழுத்திட்டு அப்படியே வைத்துவிட்டார். விலை சந்தை விலையை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆனால் ஆர்டரைப் பிரித்தது உண்மை. தொழிற்சாலைத் தலைவர் அடிக்கடி வெளியூர் போவதால், கையெழுத்துக்காகச் சரக்கு நிற்கக் கூடாது என்று வேறு வெண்டர்களுக்கும் அப்படியே செய்திருக்கிறார்கள். அது விதிமீறல், ஆனால் திருட்டு அல்ல. திருட்டு வேறோர் இடத்தில் இருந்தது. மூன்று பில்லுக்கும் பொருள் வந்ததாகக் கிடங்கில் ரசீது இருக்கிறது. வாயிற்காவல் பதிவேட்டில் இரண்டு லாரிகள்தான் உள்ளே வந்திருக்கின்றன. மூன்றாவது பில்லுக்கு லாரியும் இல்லை, பேலட்டும் இல்லை. கையெழுத்திட்டவர் கிடங்கில் இருப்பவர். அவர் பெயர் புகாரில் எங்கும் இல்லை.

முதல் கடிதம் போயிருந்தால் விசாரணை மேனேஜரைச் சுற்றியே நடந்திருக்கும். அவர் உறுதிமொழிப் படிவத்தைக் காட்டியிருப்பார், கோப்பு மூடப்பட்டிருக்கும், வராத லாரியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இரண்டாவது கடிதத்தில் ‘பொருள் உண்மையில் வந்ததா என்று தெரியாது’ என்று இருந்த வரிதான் வாயிற்கதவு வரை கொண்டுபோனது. மேனேஜர் மேல் கொள்ளைக்காரன் என்ற பட்டம் விழாமல் காத்ததும் அதே கடிதம்தான். சந்தேகிக்கப்படுபவரும் ஒரு மனிதர், அவருக்கும் வீடும் வேலையும் பெயரும் உண்டு என்பதைப் புகார் எழுதும் கை மறந்துவிடக் கூடாது.

முடிவு என்ன ஆயிற்று என்று எழுதியவருக்கு முழுதாகச் சொல்ல மாட்டார்கள். “விசாரித்தோம், உரிய நடவடிக்கை எடுத்தோம்” என்ற அளவோடு நிற்கும். மற்றவர்மீது எடுத்த நடவடிக்கையைச் சொன்னால் அவருடைய ரகசியம் உடையும் என்பது காரணம். இந்த மௌனத்தைப் புதைத்துவிட்டார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா நேரமும் அது சரியல்ல. ஆனால் அதே வெண்டரிடமிருந்து அதே மாதிரி பில்கள் மறுபடி வரத் தொடங்கினால், அது புதிய தகவல். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதலாம், இம்முறை தணிக்கைக் குழுத் தலைவருக்கு. தொகை பெரிதாக இருந்தால் வெளித்தணிக்கையாளருக்கும் கடமை உண்டு: நிறுவனத்தின் அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ என்று தணிக்கையின்போது அவர் நம்ப நேர்ந்தால், 143-ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்கு அறிவிக்க வேண்டும்.

பழிவாங்கல் பெரும்பாலும் வேலைநீக்கமாக வருவதில்லை. ஆண்டு மதிப்பீட்டில் ஒரு படி குறையும். கூட்டங்களுக்கு அழைப்பு வராது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள கிளைக்கு ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ மாற்றல் வரும். அதனால் புகார் கொடுக்கும் முன்பே தன் பழைய மதிப்பீட்டு விவரங்களைப் பற்றி, ஆண்டுவாரியாக, வீட்டில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஏதாவது நடந்தால் முன்னும் பின்னும் காட்ட முடியும். கம்பெனிகள் சட்டம், பழிவாங்கலுக்கு எதிராகப் போதிய பாதுகாப்புகள் இருக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு என்ன, மீறினால் யாரிடம் போவது என்பதை நிறுவனத்தின் கொள்கைக்கே விட்டுவிடுகிறது. இது பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன். தனியார் ஊழியருக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற, முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமும் பொது ஊழியர்களைப் பற்றிய புகார்களுக்கானது. ஒப்புதல் கிடைத்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடப்பில் போடப்பட்டது.

மத்திய அரசிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் நடப்பவற்றைச் சொல்ல வேறொரு வழி இருக்கிறது. அது உருவானதற்குப் பின்னால் ஒரு மரணம் உண்டு. கான்பூர் ஐஐடியில் படித்த சத்யேந்திர துபே, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் தான் கண்ட முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அவருடைய அடையாளத்தோடே அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாகக் கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்கும் முயற்சியில் நடந்த கொலை என்று சிபிஐ சொன்னது. 2010-இல் மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். கொலைக்கான காரணம் பற்றிய கேள்விகள் அதோடு ஓயவில்லை. பெயரை மறைக்கச் சொன்ன ஒருவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

அதைத் தொடர்ந்து 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதும் புகாரில் ஒவ்வொரு விதியும் ரகசியத்தை மனதில் வைத்து அமைந்திருக்கிறது. பெயரில்லாத புகாரை ஆணையம் ஏற்காது; ஆனால் உறையின் மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. ஆணையத்தின் செயலருக்கு முகவரியிட்டு, பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின்கீழ் வரும் புகார் என்று உறையின்மேல் எழுதி, நன்றாக ஒட்டி அனுப்ப வேண்டும். பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி இணைக்கலாம். யார் எழுதியது என்று ஊகிக்க இடம் கொடுக்காதபடி புகாரின் வாசகத்தை அமைக்க வேண்டும். சரிபார்க்கக்கூடிய விவரங்களும் அதில் இருக்க வேண்டும். அனுப்பியவருக்கு ஒப்புகைக் கடிதம் வராது. வீட்டு வாசலில் தபால்காரர் கொண்டுவந்து நீட்டும் ஆணையத்தின் உறையே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.